மாடித் தண்ணீரை மண்ணுக்குள் இறக்க எவ்வளவு பெரிய குழி? சேலம் மனைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்களுக்கு 30க்கு 40 மனைங்க. மொட்டை மாடி 800 சதுர அடி. எத்தனை அடி குழி வெட்டணும்?

அடிக் கணக்கை அப்புறம் பார்க்கலாம். முதலில் லிட்டர் கணக்கு. ஒரு சதுர மீட்டர் மாடியில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 800 சதுர அடி என்பது சுமார் 74 சதுர மீட்டர். பலத்த மழைக்கு 50 மில்லிமீட்டர் என்று எடுத்தால் 3,700 லிட்டர் விழும். தளம் நனைவது, கைப்பிடிச் சுவரில் தெறிப்பது, குழாய் வாயில் தேங்குவது என்று அதில் 15 சதவீதம் கழித்தால் 3,150 லிட்டர் கீழே வரும். மனக்கணக்காக வேண்டுமென்றால், 100 சதுர அடி மாடிக்கு 400 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 3,150 லிட்டரும் பூமிக்குள் போகும் முன் எங்காவது நின்றாக வேண்டும். குழியின் கொள்ளளவு அதுதான். ஆனால் பாதிக் கணக்குதான் முடிந்திருக்கிறது. நின்ற தண்ணீர் எத்தனை மணி நேரத்தில் மண்ணுக்குள் இறங்கும் என்பது மீதிப் பாதி. சேலத்தில் பெரும்பாலான குழிகள் தோற்பது இந்த இரண்டாவது பாதியில்தான். மேலே கொஞ்சம் செம்மண், அதற்குக் கீழே மொரம்பு, அதற்கும் கீழே பாறை என்பதுதான் நம் ஊர் நிலத்தின் பொதுவான அடுக்கு. ஆற்று மணல் படுகைபோல ஊற்றிய மாத்திரத்தில் உறிஞ்சிக்கொள்ளாது.

வீடு கட்டும்போதே மேஸ்திரி ஒரு அடி அகலத்துல பத்தடி ஆழத்துக்குத் துளை போட்டு செங்கல் துண்டு நிரப்பிட்டாரே. அது போதாதா?

தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதிலிருந்து இந்த அளவுக் குழியைத் தெருத்தெருவாகப் பார்க்கிறேன். கணக்குப் போட்டால் சங்கடமாக இருக்கும். ஒரு அடி விட்டம், பத்தடி ஆழம் உள்ள துளை வெறுமையாக இருந்தால் 220 லிட்டர் பிடிக்கும். செங்கல் துண்டு நிரப்பினால் இடுக்குகளில் மட்டும்தான் தண்ணீர் நிற்கும், ஆக சுமார் 90 லிட்டர். உங்கள் மாடியிலிருந்து மணிக்கு 3,150 லிட்டர் இறங்கும் மழையில் அந்தத் துளை இரண்டு நிமிடத்துக்குள் நிரம்பிவிடும். மீதி 58 நிமிடமும் தண்ணீர் சாக்கடைக்குத்தான் போகும்.

கடற்கரை மணலில் இந்த அளவு ஓரளவு வேலை செய்யும். உள்ளே போகிற வேகத்திலேயே மணல் குடித்துவிடும். மொரம்பில் அது நடக்காது. துளையை மூட வேண்டாம், தூறலுக்கு உதவும். கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.

50 மில்லிமீட்டர்னு எதை வச்சு எடுக்கறீங்க? வருஷ மழையை வச்சுத்தானே கணக்குப் போடணும்?

வருஷ மழை எத்தனை தண்ணீர் கிடைக்கும் என்று சொல்லும். குழி எத்தனை பெரிது என்று சொல்லாது. சேலத்தில் வருஷத்துக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பெய்கிறது. உங்கள் மாடியில் அது 55,000 முதல் 60,000 லிட்டர். அத்தனைக்கும் யாரும் குழி வெட்டப் போவதில்லை.

குழியின் அளவைத் தீர்மானிப்பது ஒரே மூச்சில் கொட்டுகிற மழை. நம் ஊரில் ஆகஸ்டு கடைசியிலிருந்து அக்டோபர் வரை மாலை நாலு மணிக்கு சேர்வராயன் பக்கம் கறுத்துக்கொண்டு வரும், இருட்டுவதற்குள் இடியோடு கொட்டித் தீர்த்துவிடும். அப்படி ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்கிற மாலைகளும் வரும். அதைத் தாங்கினால் மற்ற மழையெல்லாம் தானாக அடங்கும். 100 மில்லிமீட்டருக்குக் கட்டலாம்தான். ஆனால் எப்போதோ வரும் ஒரு நாளுக்காகச் செலவு இரட்டிப்பாகும். அன்றைக்கு வழிந்து போகட்டும் என்று விடுவதே என் வழக்கம். 30 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்கிறேன் என்பவரோடும் சண்டை போட மாட்டேன்.

எங்க மண்ணு எவ்வளவு வேகமா குடிக்கும்னு நாங்களே பார்க்க முடியுமா?

முடியும். கடப்பாரை, பக்கெட், ஸ்கேல், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். குழியின் அடி எந்த ஆழத்தில் வரப்போகிறதோ அதுவரை ஆள் இறங்கும் அளவுக்கு ஒரு பள்ளம் வெட்டுங்கள். மேல்மண்ணில் சோதிப்பதில் பயனில்லை. கீழே இருக்கும் மண்ணே வேறு. அந்தப் பள்ளத்தின் தரையில் ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்துக்குச் சதுரமாக ஒரு சின்னக் குழி எடுங்கள். கடப்பாரை பட்டுப் பக்கவாட்டு மண் மழமழவென்று தேய்ந்திருந்தால் அதைச் சுரண்டி விடுங்கள். இல்லையென்றால் பூசின சுவர்போலத் தண்ணீரை விடாது.

நிரம்பத் தண்ணீர் ஊற்றி முழுவதும் இறங்க விடுங்கள். மறுபடி ஊற்றி இறங்க விடுங்கள். காய்ந்த மண் முதல் தடவை பேயாய்க் குடிக்கும், அதை நம்பினால் ஏமாந்துவிடுவோம். மூன்றாவது தடவை விளிம்பு வரை ஊற்றி, ஸ்கேலை நட்டு, ஒரு மணி நேரம் கழித்து எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் ஐந்தரை அடி ஆழத்து மொரம்பில் நான் பார்த்தபோது 30 சென்டிமீட்டரிலிருந்து 24க்கு வந்திருந்தது. ஒரு மணியில் 6 சென்டிமீட்டர். வீட்டுக்காரர் சந்தோஷமாக, "மணிக்கு 60 மில்லிமீட்டர், ஒரு ராத்திரியில் ரெண்டடி இறங்கிடுமே" என்றார். அங்கேதான் எல்லாரும் தவறுகிறார்கள். அந்தச் சின்னக் குழியில் தண்ணீர் அடியில் மட்டும் போகவில்லை, நான்கு பக்கச் சுவரிலும் போகிறது. சின்னக் குழியில் தண்ணீரின் அளவு குறைச்சல், சுவரின் பரப்பு அதிகம். பெரிய குழியில் இது தலைகீழாக மாறிவிடும்.

அதனால் மட்டம் எவ்வளவு இறங்கியது என்பதோடு நிறுத்தாமல், எவ்வளவு தண்ணீர் எவ்வளவு ஈரப் பரப்பின் வழியாகப் போனது என்று பார்க்க வேண்டும். இறங்கியது 30 சென்டிமீட்டர் சதுரத்தில் 6 சென்டிமீட்டர், அதாவது 5.4 லிட்டர். ஈரமாக இருந்த பரப்பு: அடிப்பாகம் 0.09 சதுர மீட்டர், சுவர்கள் சராசரி 27 சென்டிமீட்டர் உயரத்துக்கு 0.32 சதுர மீட்டர், மொத்தம் 0.41. 5.4ஐ 0.41ஆல் வகுத்தால் 13. ஒரு சதுர மீட்டர் மண் மணிக்கு 13 லிட்டர் குடிக்கிறது. அவர் நினைத்த 60 எங்கே, இந்த 13 எங்கே.

அதையும் பாதியாக்கிவிடுவேன். இரண்டு மூன்று மழைக்காலம் போனால் மண்ணின் மேல் வண்டல் படிந்து வேகம் குறையும். குழியை இன்றைய வேகத்துக்கு அளந்தால் நாளைக்குப் பற்றாது. ஆக கணக்குக்கு மணிக்கு 6.5 லிட்டர்.

உறை இறக்கின வட்டக் குழி நல்லதா, நீளமா வெட்டற டிரெஞ்ச் நல்லதா?

அதே கொண்டலாம்பட்டி வீட்டிலேயே இரண்டையும் போட்டுப் பார்ப்போம். அவர் மாடியும் 800 சதுர அடிதான்.

நான்கடி விட்டமுள்ள சிமென்ட் உறை ஒன்று, ஒரு அடி உயரத்தில், 355 லிட்டர் பிடிக்கும். ஒன்பது உறை அடுக்கினால் 3,200 லிட்டர். கொள்ளளவு கச்சிதமாக வந்துவிட்டது. உறையைச் சுற்றி ஜல்லி போட ஐந்தடி விட்டத்துக்கு மண்ணை எடுத்திருப்போம். உறையில் துளைகளும் இருக்கும். தண்ணீர் நிரம்பியிருந்து காலியாகும் வரை சராசரியாகப் பாதி உயரச் சுவர் ஈரமாக இருக்கும் என்று கொண்டால், சுவரும் அடியும் சேர்ந்து 8.4 சதுர மீட்டர். மணிக்கு 6.5 லிட்டர் வீதம் 54 லிட்டர்தான் வெளியேறும். 3,200 லிட்டர் வடிய 59 மணி நேரம், அதாவது இரண்டரை நாள். நம் ஊர் இடிமழையோ பெய்ய ஆரம்பித்தால் மறுநாளும் அதே நேரத்துக்கு வரும். வந்து பார்த்தால் குழியில் பாதிக்கு மேல் நேற்றைய தண்ணீர்.

இப்போது டிரெஞ்ச். 20 அடி நீளம், 2 அடி அகலம், ஜல்லி நிற்கும் ஆழம் 5 அடி. மொத்தக் கன அளவு 5.66 கன மீட்டர். ஜல்லி இடுக்கு 40 சதவீதம் என்றால் 2,260 லிட்டர் நிற்கும். உறைக் குழியைவிடக் குறைவுதான். ஆனால் நீளச் சுவர்கள் இரண்டும் தண்ணீரை விடுவதால் சராசரி ஈரப் பரப்பு 13.9 சதுர மீட்டர். மணிக்கு 90 லிட்டர் இறங்கும், 25 மணி நேரத்தில் காலி. நாளைய மழைக்குக் கிட்டத்தட்ட முழு இடமும் தயார்.

எங்கள் முடிவு டிரெஞ்ச்தான். பற்றாக்குறையாக நின்ற 900 லிட்டருக்காக அதை 28 அடிக்கு நீட்டலாம். ஆனால் முன்பக்கம் 30 அடியில் கேட் பத்தடியை எடுத்துக்கொண்டதால் நேராக 20 அடிதான் கிடைத்தது. அதனால் மாடியின் ஒரு மூலைக் குழாயை மட்டும் பிரித்து, வடிகட்டி வைத்து, ஏற்கனவே இருந்த சம்ப்பில் விட்டோம். வீட்டம்மாவுக்கு அதுதான் பிடித்தது. துணி துவைக்க அந்தத் தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைக்கிறதாம்.

சோதனைக் குழியில் ஒரு மணிக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் கதை வேறு. அப்போது அதே உறைக் குழி 20 மணி நேரத்தில் காலியாகும். இடத்தையும் குறைவாக அடைக்கும், உள்ளே இறங்கிச் சுத்தம் செய்யவும் வசதி. அங்கே உறையையே போடுங்கள். மாறாக ஒன்றரை சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை என்றால் அது களி. டிரெஞ்ச்கூட வடிய நான்கு நாளுக்கு மேல் எடுக்கும். இன்னும் இரண்டு மூன்று அடி தோண்டினால் மொரம்பு தென்படுகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்தப் பணத்தைத் தொட்டியில் போடுவது மேல்.

மழை பெய்யும்போதே கொஞ்சம் இறங்கிக்கிட்டுத்தானே இருக்கும், அதைக் கழிக்கலாமா?

மணிக்கு 3,150 லிட்டர் வரும்போது 90 லிட்டர் இறங்கும். கழித்தால் என்ன, கழிக்காவிட்டால் என்ன.

உள்ளே என்ன நிரப்பறது? கரி, மணல், கூழாங்கல், செங்கல்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ஒன்றரை இஞ்ச் ஜல்லி மட்டும். பல அளவு கலந்தால் பெரிய கல்லின் இடுக்கைச் சின்னக் கல் அடைத்துக்கொண்டு கொள்ளளவு குறையும். சரியாக வேகாத செங்கல் துண்டு நாளடைவில் நொறுங்கிச் சேறாகும். கரி குடிநீர் வடிகட்டிக்கு உரியது, இங்கே அதற்கு வேலையில்லை.

உங்களுக்கு வரும் ஜல்லியில் இடுக்கு எவ்வளவு என்று தெரிய ஒரு 20 லிட்டர் பெயின்ட் டப்பா போதும். டப்பா நிறைய ஜல்லியைப் போட்டு, அளந்து அளந்து தண்ணீர் ஊற்றுங்கள். விளிம்புக்கு வரும்வரை 8 லிட்டர் போனால் 40 சதவீதம். 6 லிட்டர்தான் போகிறது என்றால் லாரியில் துகளும் கலந்து வந்திருக்கிறது. அந்த ஜல்லியோடு 2,260 லிட்டர் டிரெஞ்ச் 1,700 லிட்டர் டிரெஞ்சாகிவிடும்.

இன்னொன்று, ஜல்லியைக் கழுவாமல் போடவே கூடாது. இதை என் சொந்த வீட்டில் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். குவாரியிலிருந்து வந்த சாம்பல் நிறத் தூளோடு அப்படியே கொட்டினார்கள், நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது ஐப்பசியில் தண்ணீர் உள்ளே போகாமல் வாசல் படியில் ஏறியது. ஜல்லியை அள்ளி வெளியே போட்டுப் பார்த்தால், அடியில் அரை இஞ்ச் கனத்துக்குச் சாம்பல் நிற வண்டல். கைவிரலால் நெம்பினால் அப்பளம்போலத் துண்டு துண்டாக உரிந்து வந்தது. அதற்குக் கீழே இருந்த மொரம்பு மழைக்காலத்திலும் பொடிப்பொடியாகக் காய்ந்து கிடந்தது.

அந்த வண்டலில் கல் தூள் பாதி, மாடித் தூசி பாதி. அதனால் இப்போது எந்தக் குழிக்கும் முன்னால் இரண்டடி நீள, அகல, ஆழத்தில் ஒரு வண்டல் தொட்டி கட்டாமல் விடுவதில்லை. மாடிக் குழாய் அதில் விழும். தொட்டியின் தரையிலிருந்து ஒரு அடி மேலே இருக்கும் குழாய் வழியாகத்தான் தண்ணீர் டிரெஞ்சுக்குப் போகும். மண் தொட்டியிலேயே தங்கிவிடும், வேப்பிலை மிதந்துகொண்டிருக்கும். குழாய் வாயில் கொசுவலை கட்டிவிட்டால் அதுவும் உள்ளே போகாது. அங்கிருந்து நான்கு இஞ்ச் பிவிசி குழாயில் ரம்பத்தால் கீறல் போட்டு, டிரெஞ்சின் முழு நீளத்துக்கும் ஜல்லியின் மேல்பகுதியில் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் விழும் முனையில் மட்டும் வண்டல் கட்டும். ஜல்லிக்கும் மேலே போடும் மண்ணுக்கும் நடுவில், தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ துணி விரிக்க வேண்டும். அதன் மேல் ஒரு அடி மண் போட்டுச் செடி வைத்துக்கொள்ளலாம்.

கோடை மழையின் முதல் தண்ணீரை உள்ளே விடாதீர்கள். நான்கைந்து மாதத் தூசியும் புறா எச்சமும் அதில்தான் இருக்கும். 1 மில்லிமீட்டர் கழுவினாலே உங்கள் மாடியில் 74 லிட்டர் வரும். அதைப் பிடித்து வைக்கிற தானியங்கிக் குழாய்கள் சின்ன வீட்டுக்குச் சரிப்படுவதில்லை. குழாயின் கீழ் முனையில் ஒரு திருகு மூடி வைத்து, கோடை முழுக்கத் திறந்து விட்டு, முதல் நல்ல மழை கழுவியதும் மூடுகிற பழைய முறையே போதும்.

ஆறடியிலேயே பாறை தட்டிடுச்சு. உடைச்சு இறக்கலாமா?

வேண்டாம். முழுப் பாறை தண்ணீரைக் குடிக்காது. உடைத்து இறக்கினால் அது தொட்டிதான். பாறைக்கு மேலே இருக்கும் மொரம்பில்தான் வேலை. அங்கே ஆழத்தை விட்டுவிட்டு நீளத்தைக் கூட்டுங்கள். மூன்றரை அடி ஆழ டிரெஞ்ச்கூடச் சுவர் வழியாக நன்றாக விடும். கடப்பாரை 'ணங்'கென்று திரும்பினால் பாறை. 'சரக்'கென்று இறங்கிப் பிசிறு பிசிறாகக் கல் உதிர்ந்தால் அது சிதைந்த பாறை, அதைத்தான் நாம் தேடுகிறோம். முதலாவதைப் பார்த்துவிட்டு ஆள்கள் மெஷின் கொண்டுவரலாமா என்று கேட்பார்கள். கூலி அவர்களுக்கு, செலவு உங்களுக்கு.

காம்பவுண்டு ஓரமா போட்டா இடம் மிச்சமாகுமே?

காம்பவுண்டு அஸ்திவாரம் பெரும்பாலும் இரண்டடிதான் இருக்கும். அதை ஒட்டி ஆறடி வெட்டினால் ஈரமானதும் சுவர் சாயும். இரண்டரை அடியாவது தள்ளி வெட்டுங்கள். வீட்டின் தூணிலிருந்து பத்தடி கிடைத்தால் நல்லது. 30க்கு 40 மனையில் அது கிடைக்காது, அதனால் ஐந்தடிக்குக் குறையாமல், அஸ்திவாரத்தைவிட ஆழமாகப் போகாமல் பார்த்துக்கொள்கிறேன். வெட்டிய பள்ளத்தின் விளிம்பில் மண்ணைக் குவிக்க வேண்டாம், உள்ளே ஆள் நிற்கும்போது சரியும்.

செப்டிக் டேங்கும் அதன் உறிஞ்சுகுழியும் வீட்டுக்குப் பின்னால் என்றால் இது முன்னால் இருக்கட்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மழைக்காலத்தில் மண் ஊறிப்போய்க் கழிவு மேலே வரும். பக்கத்து வீட்டுக் கிணறு எங்கே என்றும் எட்டிப் பாருங்கள்.

எங்க வீடு பழைய ஏரிப் பக்கம். ஐப்பசியில குழி வெட்டுனா மூணடியிலேயே ஊத்து வருது.

அப்படியென்றால் மண் ஏற்கனவே நிறைந்திருக்கிறது. குழியின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் நடுவில் நான்கடியாவது காய்ந்த மண் வேண்டும். அது இல்லாத இடத்தில் குழி வெட்டினால் வெளித் தண்ணீர்தான் உள்ளே வரும். திருமணிமுத்தாற்றுக் கரை, ஏரி உள்வாய்ப் பகுதிகளில் வீடு உள்ளவர்கள் சித்திரையில் சோதனைக் குழி போட்டுவிட்டு ஏமாறுவது இதனால்தான். சோதனையைக் கார்த்திகையில் வையுங்கள். உங்களுக்குக் குழி வேண்டாம், பெரிய சம்ப் போதும்.

குழியெல்லாம் எதுக்குங்க, நேரா போருக்குள்ளயே விட்டுட்டா என்ன?

தண்ணீர் ஓடுகிற போருக்குள் மாடிக் குழாயைச் செருகாதீர்கள். போருக்குத் தண்ணீர் வருவது பாறையின் நூல் போன்ற வெடிப்புகள் வழியாக. வண்டல் தொட்டியைத் தாண்டி வரும் கலங்கல் டிரெஞ்சில் படிந்தால் அள்ளிக் கழுவலாம். ஐந்நூறு அடிக்குக் கீழே வெடிப்பில் படிந்தால் எதைக்கொண்டு எடுப்பது? புறா எச்சமும் அதோடு சேர்ந்துதான் போகும், மண்ணில் வடிகட்டப்படாமல்.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் என்னைத் திட்டக் கூடாது. டிரெஞ்சில் இறங்கும் தண்ணீர் முதலில் சேர்வது மொரம்பும் சிதைந்த பாறையும் உள்ள மேல் அடுக்கில். உங்கள் போரில் அந்த அடுக்கைக் கேசிங் குழாய் அடைத்திருக்கும். ஆகவே மட்டம் உயர்வது முதலில் பக்கத்தில் உள்ள திறந்த கிணற்றில் தெரியும். அங்கிருந்து வெடிப்புகள் வழியாக உங்கள் ஆழ்துளைக்கு வருமா, எப்போது வரும் என்பது கீழே பாறை எப்படி வெடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. டிரெஞ்ச் போட்ட மறு மாதமே போரில் தண்ணீர் ஏறும் என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஏற்காட்டுல ஒரு சின்ன வீடு இருக்கு. அங்கேயும் இதே அளவுதானா?

மலையில் மழை சேலத்தைவிட நன்றாக அதிகம், மேல்மண்ணும் பல இடங்களில் ஆழம். அங்கே அளவைவிட இடம்தான் பெரிய கேள்வி. சரிவை வெட்டிக் கட்டிய மனை என்றால், வெட்டின விளிம்புக்கு மேலேயும் தாங்கு சுவருக்குப் பின்னாலேயும் ஒரு லிட்டர்கூட இறக்கக் கூடாது. ஊறிய மண் கனத்து, சுவரைத் தள்ளிக்கொண்டு கீழே வரும். அடைமழைக் காலத்தில் மலைப்பாதை ஓரம் மண் சரிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்களே. சமதளமாக ஒரு துண்டு இடம், சுற்றிலும் வெட்டுச் சரிவு இல்லாமல் இருந்தால் சோதனைக் குழி போட்டு மேலே சொன்ன கணக்கையே போடுங்கள். இல்லையென்றால் தொட்டியில் பிடித்து, வழிவதைக் குழாய் வைத்து இயற்கை ஓடைவரை கொண்டுபோய் விடுங்கள். அதிலும் கீழ்வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

எல்லாத்தையும் மூடி மண்ணும் போட்டாச்சு. உள்ளே வேலை செய்யுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மூடும் முன்பே டிரெஞ்சின் கடைசி முனையில் ஒரு நான்கு இஞ்ச் குழாயை நட்டு, அடிவரை இறக்கி, கீழ்ப்பகுதியில் கீறல் போட்டு, மேலே மூடி வைத்திருக்க வேண்டும். மழை விட்டதும் அதற்குள் ஒரு மூங்கில் குச்சியை விட்டு எடுத்தால் ஈரம் ஏறிய உயரம் தெரியும். மறுநாள் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. அவ்வளவுதான் சோதனை.

கொண்டலாம்பட்டி வீட்டுக்காரர் குச்சியில் ஆணியால் கோடு கீறி வைத்திருக்கிறார், காலண்டரில் மணிக்கணக்கும் எழுதுகிறார். புதிதில் மண் முழு வேகத்தில் குடித்ததால், நிறைந்த டிரெஞ்ச் 14 மணி நேரத்தில் காலியானது. மூன்றாவது வருஷம் 22 மணி. நாம் போட்ட 25க்குள் இன்னும் இருக்கிறது, ஆனால் ஏறுமுகம். அது 40ஐத் தாண்டினால் மேலே உள்ள மண்ணை விலக்கி ஜல்லியை அள்ளிக் கழுவ வேண்டியதுதான். அதற்கு முன்னால் வண்டல் தொட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். வெளியேறும் குழாய் வாயைத் தொடுகிற அளவுக்கு மண், மேலே வேப்பங்கொட்டை முளைத்து நான்கு இலை விட்டிருந்தது. இரண்டு சட்டி மண் அள்ளினோம், வலையை மாற்றினோம். அடுத்த மழைக்குக் காலண்டரில் 19 என்று எழுதியிருந்தார்.